ஒரே பக்கத்தில் ஸ்காலர்ஷிப் ரெஸ்யூமே: மார்க், தலைமை, சேவை மூன்றையும் அடக்குவது எப்படி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எல்லா உதவித்தொகைக்கும் ரெஸ்யூமே தேவையில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரி சலுகை, மத்திய அரசின் தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் வரும் திட்டங்கள் எல்லாம் தகுதியையும் சான்றிதழையும் பார்த்துக் கொடுப்பவை. அங்கே நீங்கள் என்.எஸ்.எஸ்.ஸில் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ரெஸ்யூமே கேட்பவர்கள் பெரும்பாலும் தனியார் அறக்கட்டளைகள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வரும் உதவித்தொகைகள், வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஸ்காலர்ஷிப்கள். இவற்றில் பலவும் "ஒரு பக்கத்துக்கு மிகாமல்" என்று போட்டிருக்கும். போடாவிட்டாலும் இளங்கலை மாணவருக்கு ஒரு பக்கம் போதும்.

அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். சென்னையில் ஒரு சிறிய அறக்கட்டளையின் முதல் சுற்றுத் தேர்வில் சில வருடங்களாக உட்காருகிறேன், அதனால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் சுற்றில் எங்கள் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். படிப்பு, தலைமைப் பண்பு, சமூக சேவை என்று மூன்று கட்டம், ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி. ரெஸ்யூமேயைப் படிக்கிறவர் உங்கள் வாழ்க்கையைப் படிக்கவில்லை, அந்த மூன்று கட்டத்தையும் நிரப்ப ஆதாரம் தேடுகிறார். கிடைக்காத கட்டத்தில் குறைவாகப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஆகவே மூன்றுக்கும் நம்பக்கூடிய ஆதாரத்தை அவர் தேடாமலே கண்ணில் படும்படி வைப்பதுதான் உங்கள் வேலை.

உதாரணத்துக்கு ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் வீடு, பி.எஸ்சி. கணிதம், நான்கு செமஸ்டர் முடித்து மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிறார். ஆள் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் கொண்டுவந்த முதல் வடிவம் இரண்டரைப் பக்கம்.

முதல் படி: டி.டி.பி. கடை டெம்ப்ளேட்டைக் கழற்றுவது

ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அடித்துவந்த ரெஸ்யூமே என்றால் பார்த்தவுடனே தெரியும். மேலே "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்ற குறிக்கோள் வாசகம். நடுவில் அப்பா பெயர், பிறந்த தேதி, பாலினம், தேசியம், திருமண நிலை, முழு முகவரி. கீழே "மேற்கூறியவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்", இடம், தேதி, கையெழுத்து. இந்த மாணவியின் தாளில் இவை மட்டுமே பதினேழு வரி. ஏ4 தாளில் நான்கு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டு 11 புள்ளி எழுத்தில் கொஞ்சம் இடைவெளியோடு அடித்தால் சுமார் 48 வரிதான் கிடைக்கும். அதில் பதினேழு போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இவற்றில் ஒன்றுகூட அந்த மூன்று கட்டத்தில் எதையும் நிரப்பாது. அப்பா பெயர், வருமானம், சாதிச் சான்று விவரங்கள் எல்லாம் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கும், திரும்ப வேண்டாம். ஆதார் எண்ணை ரெஸ்யூமேயில் போடவே போடாதீர்கள். உறுதிமொழியும் புகைப்படமும் அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் போடுங்கள். மேலே பெயர், அலைபேசி எண், ஒழுங்கான ஒரு இமெயில், "வியாசர்பாடி, சென்னை" என்று ஊர், இவ்வளவு போதும். மூன்று வரியில் முடிந்துவிடும். பொழுதுபோக்குப் பகுதியில் "இசை கேட்பது" என்று எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், எல்லோரும்தான் கேட்கிறோம்.

இரண்டாம் படி: அறிவிப்பைப் படித்து வரிகளைப் பங்கிடுவது

எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் அறிவிப்பை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். சில அறக்கட்டளைகள் எதற்கு எவ்வளவு எடை என்று வெளிப்படையாகவே போட்டிருக்கும். போடாவிட்டாலும் எந்த விஷயம் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். "சமூகத்துக்குத் திருப்பிச் செய்யும் மாணவர்கள்" என்று மூன்று இடத்தில் சொல்லியிருந்தால் சேவைக்குத்தான் அதிக இடம்.

நம் மாணவி போட்ட அறிவிப்பில் மூன்றுக்கும் சம எடை. அதனால் இப்படிப் பிரித்தோம்: மேலே 3 வரி, படிப்புக்கு 10, தலைமைக்கு 10, சேவைக்கு 9, வேலைக்கு 3, மற்றவைக்கு 3. ஐந்து தலைப்புகளும் அவற்றின் இடைவெளியுமாகப் பத்து வரி. மொத்தம் 48. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடித்தார். தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டு அப்புறம் வெட்டலாம் என்று ஆரம்பித்தால் வெட்டவே மனசு வராது, கடைசியில் எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்கி ஓரத்தை அரை செ.மீ. ஆக்கித் திணிப்பீர்கள். அறுபதாவது ரெஸ்யூமேயைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு அது கண்ணில் ஏறாது.

மூன்றாம் படி: படிப்பு

இது எளிது என்று நினைத்துத்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

மார்க்கை எதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பிளஸ் டூ 541/600, சி.ஜி.பி.ஏ. 8.65/10 (4 செமஸ்டர் வரை). கீழே இருக்கும் அந்த எண் முக்கியம். வெளிமாநில அல்லது வெளிநாட்டுத் தேர்வாளருக்கு நம் பிளஸ் டூ 600-க்கு என்பது தெரியவேண்டிய அவசியமில்லை. சதவீதமாக்குவதில் கவனம் வேண்டும். 541/600 என்றால் 90.17. படிவத்தில் 90.17 என்றும் ரெஸ்யூமேயில் 91 என்றும் இருந்தால், நீங்கள் முழுமையாக்கித்தான் போட்டீர்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்ள மாட்டோம், ஏன் மாறுகிறது என்றுதான் கேட்போம். சி.ஜி.பி.ஏ.வை நீங்களாகச் சதவீதமாக்காதீர்கள். படிவம் சதவீதம்தான் வேண்டும் என்றால் உங்கள் பல்கலைக்கழகம் என்ன கணக்கு சொல்லியிருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த மாணவிக்கு முதல் செமஸ்டர் 7.8. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கணிதம் கேட்ட அதிர்ச்சி. நான்காவது செமஸ்டர் 9.2. சராசரியாக 8.65 என்று மட்டும் போட்டால் இந்தக் கதை மறைந்துபோகிறது. அதனால் பக்கத்திலேயே "முதல் செமஸ்டர் 7.8, நான்காம் செமஸ்டர் 9.2" என்று சேர்த்தோம். கூடுதலாக அரை வரிதான், ஆனால் வெறும் சராசரியைவிட அதற்கு எடை அதிகம். போக்கு தலைகீழாக இருந்தால் இந்த அரை வரியை விட்டுவிடுங்கள், சராசரி போதும். அரியர் எதுவும் இல்லையென்றால் அதை ஒரு வார்த்தையில் சொல்லலாம். அரியர் இருக்கிறது, படிவத்தில் கேட்கிறார்கள் என்றால் உள்ளதை எழுதுங்கள், மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கத்தான் போகிறார்கள்.

துறையில் எத்தனையாவது இடம் என்பது மார்க்கைவிடப் பேசும். "62 பேரில் 3-ஆவது" என்றால் உங்கள் கல்லூரியின் திருத்தும் முறை தெரியாதவருக்கும் புரிகிறது. ஆனால் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுத் தருவார் என்றால் மட்டும் எழுதுங்கள். நீங்களாக வாட்ஸப் குரூப்பில் எல்லோர் மார்க்கையும் கேட்டுப் போட்ட கணக்கு செல்லாது.

பிறகு மார்க்குக்கு வெளியே உள்ள படிப்பு. இவர் கொண்டுவந்த கோப்பில் பதினான்கு ஆன்லைன் சான்றிதழ் இருந்தது, பெரும்பாலும் ஒரு மணி நேர வெபினாரில் கலந்துகொண்டதற்குக் கொடுத்தவை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தோம்: என்.பி.டி.இ.எல்.லில் 12 வார நேரியல் இயற்கணிதப் பாடம், 81 மார்க், எலீட் ப்ளஸ் சில்வர். தேர்வு மையத்துக்குப் போய்க் கண்காணிப்பில் எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு இருக்கிறது. மற்ற பதின்மூன்றோடு சேர்த்து அதைப் பட்டியல் போட்டிருந்தால் அதுவும் பதினான்காவது வெபினார் போலத்தான் தெரிந்திருக்கும்.

நான்காம் படி: தலைமை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

அவருடைய முதல் வடிவத்தில் இந்தப் பகுதி இப்படி இருந்தது:

> கணித மன்ற இணைச் செயலாளர். வகுப்புத் தலைவி (பிளஸ் ஒன்). சிறந்த தலைமைப் பண்பும் குழுவாகச் செயல்படும் திறனும் உண்டு.

பதவிப் பெயரை வைத்துப் புள்ளி போட முடியாது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மன்றம், அதற்கு ஒரு இணைச் செயலாளர். வருடத்துக்கு ஒரு சிறப்புச் சொற்பொழிவுக்குப் பூங்கொத்து வாங்கிவந்தவரும் இணைச் செயலாளர்தான். படிக்கிறவருக்கு வேண்டியது வேறு: நீங்கள் வருவதற்கு முன்னால் என்ன நிலை, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், யாரைச் சேர்த்துக்கொண்டீர்கள், அதனால் என்ன மாறியது.

"மன்றத்துல நீ என்னம்மா பண்ணின?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. முதல் வருஷப் பசங்க நிறைய பேருக்கு கால்குலஸ் அரியர். புதன்கிழமை சாயங்காலம் நாங்களே உட்கார்ந்து கணக்கு போட்டுக் காட்டினோம்."

பெரிதாக ஒன்றுமில்லை என்று அவர் தள்ளிவிட்டதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேள்வி மேல் கேள்வி கேட்டதில் விவரம் வந்தது. யோசனை அவருடையது, துறைத்தலைவரிடம் போய் வகுப்பறைக்கு அனுமதி வாங்கியதும் அவர்தான், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார், பத்து வாரம் நடந்தது, 11 பேர் தொடர்ந்து வந்தார்கள், அடுத்த தேர்வில் 8 பேர் அரியரை முடித்தார்கள். எழுதும்போது இப்படி ஆனது:

> இணைச் செயலாளர், கணித மன்றம் (2024–25). கால்குலஸில் அரியர் வைத்த முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு நாள் பயிற்சி வகுப்பைத் தொடங்கி, இரண்டு மூத்த மாணவர்களுடன் 10 வாரம் நடத்தினேன். தொடர்ந்து வந்த 11 பேரில் 8 பேர் அடுத்த தேர்வில் தேர்ச்சி.

ரெஸ்யூமேயைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள், இங்கே புரிவதற்காகத் தமிழில் போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது "நான்" என்பதை விட்டுவிட்டு வினைச்சொல்லில் தொடங்குவது வழக்கம், அது இடத்தையும் மிச்சப்படுத்தும். "சிறந்த தலைமைப் பண்பு உண்டு" என்ற வரி போயே போய்விட்டது, அதற்கு இனி தேவை இல்லை. பிளஸ் ஒன் வகுப்புத் தலைவியும் போனது. கல்லூரிக்கு வந்து இரண்டு வருடம் ஆனபிறகு பள்ளிப் பதவி எதுவும், மாநில அளவில் ஏதாவது இருந்தாலொழிய, வேண்டியதில்லை.

இப்போது ஒரு சிக்கல். ஒரு தலைமை உதாரணம்தான் இருக்கிறது, பத்து வரி ஒதுக்கியிருக்கிறோம். சேவைப் பக்கத்திலோ நிறைய இருக்கிறது: என்.எஸ்.எஸ்., தெருவில் சமுதாயக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் ஸ்கிரைப், வெள்ள நிவாரணம்.

ஒரு வேலை இரண்டு தலைப்புக்கும் பொருந்தினால் எந்தப் பக்கம் ஆதாரம் மெலிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். இரண்டிலும் வைத்தால் படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார், அதோடு "வேறு ஒன்றும் இல்லை போல" என்ற நினைப்பும் வந்துவிடும். சனிக்கிழமை வகுப்பை அவர் சேவை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் அதை ஆரம்பித்தவர் அவர். முதல் மூன்று மாதம் தனியாக நடத்தி, அப்புறம் வகுப்புத் தோழிகள் நான்கு பேரைச் சேர்த்து, யார் எந்த வாரம் என்று அட்டவணை போட்டு, தனக்குத் தேர்வு இருந்த வாரங்களிலும் வகுப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். தான் இல்லாமலும் நடக்கும்படி செய்வது தலைமைதான். அதனால் அதைத் தலைமைக்கு மாற்றினோம்:

> தொடங்கியவர், ஒருங்கிணைப்பாளர், சனிக்கிழமை கணித வகுப்பு, வியாசர்பாடி (ஆகஸ்ட் 2023 முதல்). 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் 14 குழந்தைகளுக்கு வாரம் 2 மணி நேரம். நான்கு தன்னார்வலர்களைச் சேர்த்துப் பயிற்சி அளித்து, சுழற்சி அட்டவணையில் இதுவரை 72 வகுப்புகள்.

"நிறுவனர்" என்று போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பதிவு செய்யாத சனிக்கிழமை வகுப்புக்கு நிறுவனர் என்று போட்டால், நேர்காணலில் முதல் கேள்வியே "பதிவு எண் என்ன?" என்று வரும். தொடங்கியவர் என்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: சேவை, மணிக்கணக்கு

சேவைப் பகுதியில் எழுதியவர்களில் பாதிப் பேர் "பல சமூகப் பணிகளில் ஈடுபட்டுள்ளேன்" என்று முடித்துவிடுவார்கள். மீதிப் பேர் ஏறிட்டுப் பார்க்கவைக்கும் மணிக்கணக்கு போடுவார்கள். இரண்டுமே உதவாது.

என்.எஸ்.எஸ். கணக்கு தேர்வாளர்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், வருடத்துக்கு 120, அதற்கு மேல் 7 நாள் சிறப்பு முகாம். ஆகவே 240 என்ற எண் நீங்கள் முழுமையாக முடித்தீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறது, உங்களையும் பக்கத்தில் உட்கார்ந்தவரையும் பிரித்துக் காட்டாது. அந்த 240-க்குள் நீங்கள் செய்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து விவரியுங்கள். இவருக்கு அது முகாமில் எடுத்த குடிநீர்க் கணக்கெடுப்பு:

> என்.எஸ்.எஸ். தன்னார்வலர் (2023–25), 240 மணி நேரம் நிறைவு. திருவள்ளூர் மாவட்டத்தில் 7 நாள் முகாமில், 5 பேர் குழுவுடன் 110 வீடுகளில் குடிநீர்க் கணக்கெடுப்பு. அறிக்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது.

மரம் நட்டோம், பேரணி போனோம், கல்லூரி வளாகத்தைப் பெருக்கினோம் எல்லாம் வேண்டாம். எல்லா என்.எஸ்.எஸ். மாணவரும் அதைச் செய்திருப்பார்கள்.

அடுத்து, ஒரே மணியை இரண்டு தடவை எண்ணும் பழக்கம். டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலில் வடசென்னையில் தண்ணீர் நின்றபோது இவர் மூன்று நாள் நிவாரணப் பொருள் கட்டிக்கொடுத்திருக்கிறார். முதல் வடிவத்தில் அது தனி வரி, "24 மணி நேரம்" என்று. யார் ஏற்பாடு என்று கேட்டால், கல்லூரி என்.எஸ்.எஸ். என்றார். அப்படியென்றால் அது ஏற்கனவே 240-க்குள் இருக்கிறது. நோட்டைப் புரட்டிப் பார்த்தோம், இருந்தது. தனி வரியை எடுத்துவிட்டோம். வேண்டுமென்று யாரும் இதைச் செய்வதில்லை, ஆனால் கூட்டிப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. உங்கள் மணிகளை எல்லாம் கூட்டிப் பாருங்கள். வகுப்பு நேரமும் தூக்கமும் போக இத்தனை மணி நேரம் ஒருவருக்கு இருக்க முடியுமா என்று உங்களுக்கே தோன்றினால், எங்களுக்கும் தோன்றும்.

ஸ்கிரைப் வேலையை அவர் கடைசியில், "மற்றவை" பகுதியில், ஒரு ஓரத்தில் போட்டிருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய சேவையில் அதுதான் மேலே வரவேண்டியது. ஒன்பது தேர்வு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒருவருடைய பட்டமே தன் கையெழுத்தைப் பொறுத்திருக்கிறது என்ற பொறுப்போடு, அவர் சொல்வதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் எழுதும் வேலை. சென்னையில் தேர்வுக் காலத்தில் ஸ்கிரைப் கிடைக்காமல் அலையும் மாணவர்கள் எத்தனை பேர் என்று கல்லூரிக் குரூப்புகளைப் பார்த்தாலே தெரியும். அதனால் வரி மேலே போனது:

> பார்வையற்ற மாணவர்களுக்கு ஸ்கிரைப் (2023–25). 9 பல்கலைக்கழகத் தேர்வுகள், 27 மணி நேரம். இவற்றில் 4 தேர்வுகள் ஒரே மாணவருக்குத் தொடர்ந்து இரண்டு செமஸ்டர்.

27 என்பது 240-ஐவிடச் சின்ன எண்தான். சின்ன எண்ணாக இருந்தாலும் அது நம்பும்படி இருக்கிறது, என்ன நடந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

வீட்டு வேலையும் கூலி வேலையும்

இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. இந்த மாணவியின் அம்மாவுக்குத் தெருமுனையில் இட்லிக் கடை. வாரத்தில் ஆறு நாள், காலை 5 மணியிலிருந்து 8 வரை கடையில் இருந்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புவார். இது ரெஸ்யூமேயில் இல்லவே இல்லை.

"அக்கா, இதெல்லாம் போய் எழுதுவாங்களா? இட்லிக் கடைதானே" என்றார்.

வாரத்துக்கு 18 மணி நேரம். கடற்கரையைச் சுத்தம் செய்யப் போக ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்கும் பிள்ளைக்கும் இவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு வரிதான் தேர்வாளருக்குச் சொல்லும். 9.2 வாங்கிய நான்காவது செமஸ்டரும் இந்த 18 மணி நேரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது வேறு மாதிரி தெரிகிறது. இரக்கத்தைக் கேட்கும் தொனியில் எழுதவேண்டாம், கஷ்டத்தைச் சொல்லக் கட்டுரைப் பகுதி இருக்கிறது. இங்கே வேலை என்ற தலைப்பில் வேலையாகவே எழுதுங்கள்: "குடும்ப உணவுக் கடை, வாரம் 18 மணி நேரம், 2022 முதல். காலை விற்பனை, தினசரி வரவு செலவுக் கணக்கு." இரண்டே வரி. டியூஷன் எடுப்பது, ஜெராக்ஸ் கடையில் பகுதிநேரம், உணவு டெலிவரி, தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்பி வீட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இதே வகைதான்.

ஆறாம் படி: ஒவ்வொரு வரிக்கும் யார் சாட்சி

முடித்த பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால், இதை உறுதிப்படுத்த யாருக்குப் போன் போடலாம் என்று எழுதுங்கள். மன்றத்துக்குத் துறைத்தலைவர், என்.எஸ்.எஸ்.ஸுக்குத் திட்ட அலுவலர். சனிக்கிழமை வகுப்புக்கு யார்? இவருக்கு ஒருவரும் இல்லை. குழந்தைகள் படிக்கும் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, நான்கு வரியில் ஒரு கடிதம் வாங்கிவந்தார். போகும்போது வருகைப் பதிவேட்டை எடுத்துப்போனதால் வேலை சுலபமாக முடிந்தது. ஸ்கிரைப் வேலைக்குப் பல நேரம் சான்றிதழ் கிடைக்காது. தேதி, தேர்வு மையம், பாடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் போதும், அந்த மாணவர்களில் ஒருவர் பேசத் தயாராக இருந்தால் இன்னும் நல்லது.

சாட்சி கிடைக்காத வரி ஒன்று இருந்தால் உடனே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் உள்ள எண்ணைக் குறையுங்கள் அல்லது "சுமார்" போடுங்கள். சுற்றி இருப்பதெல்லாம் துல்லியமாக இருக்கும்போது ஒரு "சுமார்" நம்பிக்கையைக் கூட்டத்தான் செய்யும். சரியாக "500 பேருக்கு விழிப்புணர்வு" என்று வரும் எண்களைத்தான் நாங்கள் நம்புவதில்லை.

கடைசி வேலைகள்

"மற்றவை" பகுதிக்கு மூன்று வரி இருந்தது. எட்டாம் வகுப்புக் கோலப்போட்டிப் பரிசு போனது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதப் படிக்கத் தெரியும், தெலுங்கு பேசுவார். அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் இளநிலை தேர்ச்சி. அவ்வளவுதான். மூன்றாவது வரியைக் காலியாகவே விட்டோம், பக்கம் கொஞ்சம் மூச்சுவிடட்டும்.

கட்டம் கட்டிய அட்டவணை, இரண்டு பத்தி டிசைன், திறமைக்கு ஐந்து நட்சத்திரத்தில் நாலு என்று போடும் அலங்காரம் எதுவும் வேண்டாம். கல்வி விவரத்தை மட்டும் அட்டவணையில் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு, ஆனால் அதன் கோடுகளே மூன்று வரி இடத்தைச் சாப்பிட்டுவிடும். வேர்டிலிருந்தோ கூகுள் டாக்ஸிலிருந்தோ நேரடியாக PDF ஆக்குங்கள். பிரின்ட் எடுத்து அதைப் போனில் படம் பிடித்து ஏற்றினால் எழுத்து மங்கிவிடும், கோப்பின் அளவும் தளத்தின் வரம்பைத் தாண்டிவிடும். கோப்புக்கு `resume final new 2.pdf` என்று பெயர் வைத்து அனுப்புகிறவர்கள் ஏராளம். உங்கள் பெயர் அல்லது விண்ணப்ப எண்ணோடு `Resume_ApplicationNo.pdf` என்று வையுங்கள், டவுன்லோட் செய்கிறவருக்கு இருநூறு கோப்புக்கு நடுவில் உங்களுடையது கிடைக்கவேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரிந்த இளஞ்சாம்பல் எழுத்து தாளில் காணாமல் போகும், தேர்வுக் குழுவில் வயதான ஐயா ஒருவராவது தாளில்தான் படிப்பார். அந்தப் பிரதியை இரண்டாக மடித்து மேல் பாதியை மட்டும் உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று கேளுங்கள். மேல் பாதியிலேயே படிப்பும் தலைமையும் வந்துவிடவேண்டும். நம் மாணவி பக்கத்துவீட்டு அத்தையிடம் கொடுத்தார். அத்தைக்கு "சில்வர்" புரியவில்லை, சனிக்கிழமை வகுப்பு புரிந்தது. அதனால் எலீட் ப்ளஸ் சில்வருக்குப் பக்கத்தில் இருந்த 81 மார்க்கை 81/100 என்று மாற்றினார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டால் இதே பக்கத்தின் பிரதி ஒன்றையும், வரிகள் இருக்கும் அதே வரிசையில் அடுக்கிய சான்றிதழ் கோப்பையும் எடுத்துப்போங்கள். மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே வருவார்கள், நீங்கள் தாளைத் திருப்பிக்கொண்டே வரலாம். சனிக்கிழமை வகுப்பின் வருகைப் பதிவேடு இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.